எண்ணிக்கையில் சிக்காத சுருக்கம்

2022ஆம் ஆண்டில் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தன்யா கோயல், ஜூனி ஜெசி லி, கிரெக் டரட் ஆகிய மூவரும் செய்திச் சுருக்கங்களை ஒப்பிட்டு ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பக்கம் பிரியோ என்ற மாடல். செய்தியைச் சுருக்குவதற்கென்றே பயிற்றுவிக்கப்பட்டது. ரூஜ் மதிப்பெண் எந்தச் சுருக்கத்துக்கு அதிகமோ அதை முன்னால் வைக்கும்படி பழக்கப்பட்டது. இன்னொரு பக்கம் ஜிபிடி-3. அதற்கு அந்தச் செய்தித் தொகுப்பில் எந்தப் பயிற்சியும் இல்லை. இத்தனை வாக்கியத்தில் சுருக்கிச் சொல் என்ற ஏவல் மட்டும்தான். படித்துப் பார்த்த மனிதர்கள் பெரும்பாலும் ஜிபிடி-3 எழுதியதையே தேர்ந்தெடுத்தார்கள். ரூஜ் கணக்கிலோ அது பிரியோவுக்குப் பல புள்ளிகள் கீழே கிடந்தது.

இத்துறையில் ஒரு கட்டுரை இரண்டு புள்ளி ஏற்றம் காட்டினாலே பெரிய சாதனையாகப் பேசப்பட்ட காலம் அது. வாசகருக்குப் பிடித்த சுருக்கத்தை அதே அளவுகோல் பல புள்ளிகள் தள்ளிக் கீழே வைக்கிறது என்றால், அந்த அளவுகோல் எதை அளக்கிறது என்று கேட்டாக வேண்டியிருந்தது. அதன் பிறகு வந்த உரையாடல் மாடல்கள் எல்லாமே ஜிபிடி-3 வழியில் எழுதுபவைதாம். ஆனாலும் ஒரு சாட்பாட்டின் சுருக்கத் திறனைப் பட்டியலிடும்போது இன்றைக்கும் பலர் முதலில் போடுவது ரூஜ் எண்ணைத்தான்.

ரூஜ் பிறந்த இடத்தைப் பார்த்தால் அதன் மேல் இவ்வளவு கோபப்படத் தோன்றாது. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த சின்-யூ லின் 2004இல் இதை வெளியிட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஐபிஎம் ஆய்வாளர்கள் இயந்திர மொழிபெயர்ப்புக்காக ப்ளூ என்ற சொல்லெண்ணும் அளவையை உருவாக்கியிருந்தார்கள். அதே எண்ணத்தைச் சுருக்கத்துக்கு ஏற்றபடி லின் மாற்றினார். அமெரிக்காவின் தரநிலை நிறுவனம் ஆண்டுதோறும் நடத்திய டக் என்னும் போட்டியில் அது பயன்பட்டது. மனிதர் எழுதிய முன்மாதிரிச் சுருக்கம் ஒன்றை எடுத்துக்கொள். அதிலுள்ள சொற்களில் எத்தனை, இயந்திரம் எழுதியதில் வந்திருக்கின்றன என்று எண்ணு. தனிச் சொல்லாக எண்ணினால் ரூஜ்-1. அடுத்தடுத்த இரு சொற்களாக எண்ணினால் ரூஜ்-2. இடையில் வேறு சொற்கள் வந்தாலும் வரிசை மாறாமல் ஒத்துவரும் மிக நீண்ட சொற்கோவையை எண்ணினால் ரூஜ்-எல்.

அந்தப் போட்டியில் சில பாதுகாப்புகள் இருந்தன. ஒவ்வொரு செய்தித் தொகுதிக்கும் நான்கு பேர் தனித்தனியாக முன்மாதிரி எழுதினார்கள். ஒருவர் விட்ட சொல்லை இன்னொருவர் பயன்படுத்தியிருக்க வாய்ப்பு உண்டு. 2004 போட்டியில் பல செய்திகளைச் சேர்த்துச் சுருக்கும் பணிக்கு 665 பைட் என்று நீள வரம்பு இருந்ததால், நீட்டி முழக்கி மதிப்பெண் சேர்க்க முடியாது. பங்கேற்ற மென்பொருள்களில் பெரும்பாலானவை மூலத்திலிருந்து வாக்கியங்களை அப்படியே பொறுக்கி ஒட்டுபவை. ஒட்டியதில் பொய் வர இடமே குறைவு. எந்த வாக்கியத்தைப் பொறுக்கியது என்பதுதான் கேள்வி, அதைச் சொல் எண்ணிக்கை ஓரளவு காட்டிவிடும். கடைசியாக, ஒரு மென்பொருளின் மதிப்பெண்ணைப் பல தொகுதிகளில் சராசரி எடுத்துத்தான் தர வரிசை போட்டார்கள். தனி ஒரு சுருக்கம் நல்லதா கெட்டதா என்று அந்த எண்ணிடம் யாரும் கேட்கவில்லை. இவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை. எண் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எங்கே உடைகிறது என்பதைத் தமிழிலேயே ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். குடியிருப்பு ஒன்றின் அறிவிப்பு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: முதன்மைக் குழாய் உடைந்ததால் செவ்வாய், புதன் இரு நாட்களும் கிழக்குத் தெருவுக்குக் குடிநீர் வராது, மேற்குத் தெருவுக்கு வழக்கம்போல் வரும், கிழக்குத் தெருவுக்குக் காலை 7 மணிக்கு லாரியில் தண்ணீர் வரும், கட்டணம் கிடையாது.

ஒரு மனிதர் எழுதிய முன்மாதிரிச் சுருக்கம்: "குழாய் உடைந்ததால் கிழக்குத் தெருவுக்கு இரண்டு நாள் குடிநீர் வராது. லாரியில் இலவசமாகத் தண்ணீர் வரும்." மொத்தம் 12 சொற்கள்.

முதல் இயந்திரம் தருவது: "குழாய் உடைந்ததால் மேற்குத் தெருவுக்கு இரண்டு நாள் குடிநீர் வராது. லாரியில் இலவசமாகத் தண்ணீர் வரும்." இதுவும் 12 சொற்கள். 11 சொற்கள் ஒத்துப்போகின்றன. ரூஜ்-1 மதிப்பு 0.92. இரு சொல் இணைகள் 11இல் 9 ஒத்துப்போவதால் ரூஜ்-2 மதிப்பு 0.82. ரூஜ்-எல் மறுபடியும் 0.92.

இரண்டாவது இயந்திரம் சாட்பாட் பாணியில் எழுதுகிறது: "கிழக்குத் தெருக்காரர்களுக்குச் செவ்வாயும் புதனும் குழாய்த் தண்ணீர் கிடையாது; முதன்மைக் குழாயில் உடைப்பு. காலை 7 மணிக்கு வரும் லாரியில் காசு கொடுக்காமல் பிடித்துக்கொள்ளலாம்." 18 சொற்கள். முன்மாதிரியோடு ஒத்துப்போவது கிழக்குத், தண்ணீர், வரும், லாரியில் என்ற நான்கு மட்டும். 18இல் 4 என்பது துல்லியம், 12இல் 4 என்பது மீட்பு. இரண்டையும் சேர்த்தால் ரூஜ்-1 மதிப்பு 0.27. ஒத்துப்போகும் இரு சொல் இணை ஒன்றுகூட இல்லை, ஆகவே ரூஜ்-2 சுழியம். வரிசை மாறாமல் ஒத்துவருபவை மூன்று சொற்கள், ரூஜ்-எல் 0.20.

முதல் சுருக்கத்தை நம்பினால் கிழக்குத் தெருக்காரர் குடத்தை நிரப்பி வைக்காமல் செவ்வாய்க்கிழமை காலையில் திண்டாடுவார். மேற்குத் தெருக்காரர் தேவையில்லாமல் லாரிக்குக் காத்து நிற்பார். இரண்டாவது சுருக்கம் முற்றிலும் சரி. முன்மாதிரியில் இல்லாத நாளும் நேரமும்கூட அதில் உண்டு. ரூஜ் பார்வையில் முதலாவது மூன்று மடங்குக்கு மேல் நல்லது. பிழைபட்ட அந்த ஒரு சொல்லுக்கும், "இரண்டு" என்பதை "இரு" என்று எழுதியிருந்தால் இழக்கும் ஒரு சொல்லுக்கும் இந்தக் கணக்கில் ஒரே எடை என்பதுதான் காரணம். நாள், நேரம் என்று மூலத்திலிருந்து சரியாக எடுத்த கூடுதல் செய்தியெல்லாம் வெறும் உபரிச் சொற்களாகித் துல்லியத்தைக் குறைத்துவிடுகின்றன.

ஓரமாக ஒரு வேடிக்கை. இரண்டாவது சுருக்கத்தில் "குழாய்த் தண்ணீர்" என்று வல்லினம் மிகுந்திருப்பதால், அது முன்மாதிரியின் "குழாய்" என்ற சொல்லோடு பொருந்தவில்லை. ஒற்றை விட்டு "குழாய் தண்ணீர்" என்று சந்திப்பிழையோடு எழுதியிருந்தால் ரூஜ்-1 மதிப்பு 0.27இலிருந்து 0.33க்கு ஏறியிருக்கும். ஒரு சந்திப்பிழைக்கு ஆறு புள்ளி பரிசு.

இது வேண்டுமென்றே புனைந்த சிறு உதாரணம், உண்மைத் தரவில் நூற்றுக்கணக்கான கட்டுரைகளின் சராசரியில் இதெல்லாம் கரைந்துபோகாதா என்று கேட்கலாம். பெரிய வேறுபாடுகளில் ஓரளவு கரையும். படு மோசமான மென்பொருளையும் நல்ல மென்பொருளையும் ரூஜ் பிரித்துக் காட்டிவிடும். ஆனால் டேனியல் டாய்ச், ரோதெம் டிரோர், டான் ராத் ஆகியோர் 2022இல் ஒரு கேள்வியை நேராகக் கேட்டார்கள்: ஆய்வுக் கட்டுரைகளில் வழக்கமாகக் காட்டப்படும் சிறு ஏற்றங்கள் அளவுக்கு மட்டுமே வேறுபடும் மென்பொருள் இணைகளை எடுத்துக்கொண்டால், ரூஜ் சொல்லும் வெற்றியாளரும் மனிதர் சொல்லும் வெற்றியாளரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள்? ஒத்திசைவு ஏறத்தாழ சுழியம் என்று விடை வந்தது. அதாவது ரூஜ் நம்பகமாக வேலை செய்யும் இடத்தில் அதன் உதவி நமக்குத் தேவைப்படுவதில்லை. தேவைப்படும் இடத்தில் அது நாணயத்தைச் சுண்டிவிட்டது போல்தான். இன்று போட்டியிடும் சாட்பாட்கள் எல்லாம் இந்த இரண்டாம் வகை இடத்தில்தான் நெருங்கி நிற்கின்றன.

அடுத்த கேடு முன்மாதிரியிலேயே இருக்கிறது. நான்கு பேர் எழுதும் வழக்கம் போய், இணையத்திலிருந்து லட்சக்கணக்கில் அள்ளிய தரவு வந்தது. சிஎன்என்–டெய்லி மெயில் தொகுப்பில் முன்மாதிரி என்பது செய்தியோடு வந்த சிறு குறிப்புப் புள்ளிகள். ஒரு சுருக்க மாடலை மதிப்பிடுவதற்கென்று எழுதப்பட்டவை அல்ல அவை. எக்ஸ்சம் என்ற தொகுப்பு பிபிசி செய்தியின் முதல் வாக்கியத்தைப் பிரித்தெடுத்து, அதையே மிச்சச் செய்தியின் சுருக்கம் என்று கொண்டது. நிருபர் தன் முதல் வாக்கியத்தில் ஒருவரின் முழுப் பெயரையும் ஊரையும் வயதையும் எழுதிவிட்டுப் பிறகு அவற்றைத் திரும்பச் சொல்ல மாட்டார். அந்த வாக்கியத்தை வெட்டியெடுத்தால், சுருக்கத்தில் இருப்பது மூலத்தில் இல்லாமல் போகிறது. கூகுளில் ஜோஷுவா மேனஸ் குழுவினர் 2020இல் இதை ஆராய்ந்தபோது, எக்ஸ்சம் முன்மாதிரிகளில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் மூலத்தில் இல்லாத தகவல் இருந்தது. இப்படிப்பட்ட முன்மாதிரியோடு அதிகமாக ஒத்துப்போகும் மாடல், இல்லாததைச் சேர்க்கக் கற்றுக்கொண்ட மாடலாகத்தான் இருக்க முடியும். மூலத்தை மீறாமல் எழுதும் சாட்பாட் அங்கே தோற்கத்தான் செய்யும்.

தியான்யி ஜாங், கேத்லீன் மெக்கியூன், பெர்சி லியாங் உள்ளிட்ட குழு 2023இல் இதை இன்னொரு பக்கமிருந்து காட்டியது. அதே செய்திகளுக்குத் தொழில்முறை எழுத்தாளர்களை அமர்த்திப் புதிதாகச் சுருக்கம் எழுத வைத்தார்கள். பழைய முன்மாதிரிகளைவிட மாடல்களின் சுருக்கங்களையே மதிப்பீட்டாளர்கள் உயர்த்திச் சொன்னார்கள். எழுத்தாளர்களின் சுருக்கங்களோடு ஒப்பிட்டால் சிறந்த மாடல்கள் ஏறத்தாழச் சமமாக நின்றன. தேர்வு எழுதுபவரைவிட விடைக்குறிப்பு மோசமாக இருந்தால், குறிப்பைப் பார்த்துத் திருத்துவதில் என்ன பயன்?

தமிழில் எழுதப்பட்ட சுருக்கத்தை மதிப்பிடுபவர்களுக்கு இதற்கெல்லாம் முன்பே இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. பரவலாகப் பயன்படும் `rouge-score` பைத்தான் தொகுப்பு, சொற்களைப் பிரிப்பதற்கு முன்பு ஆங்கிலச் சிற்றெழுத்தும் இலக்கமும் தவிர மற்ற எல்லாவற்றையும் வெற்றிடமாக மாற்றிவிடுகிறது. தமிழ் எழுத்து ஒன்றுகூட மிஞ்சாது. சரி, யுனிகோடு அறிந்த `\w` என்ற குறியைப் போட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. பைத்தானின் `re` நூலகம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கொள்வதில்லை.

```python
import re
s = "குடிநீர் வராது"
re.sub(r"[^a-z0-9]+", " ", s)   # ' '
re.findall(r"\w+", s)           # ['க', 'ட', 'ந', 'ர', 'வர', 'த']
```

முதல் வழியில் நம் அறிவிப்பின் சுருக்கங்களில் மிஞ்சுவது "7" என்ற இலக்கம் மட்டுமே. இரண்டு தமிழ்ச் சுருக்கங்களில் பொதுவாக ஒரு 7 இருந்து, வேறு இலக்கமோ ஆங்கிலமோ இல்லையென்றால் ரூஜ்-1 மதிப்பு முழு 1.0. இலக்கமே இல்லையென்றால் ஒரே வாக்கியத்தை இருமுறை கொடுத்தாலும் சுழியம். இரண்டாம் வழி இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது நம்பும்படியான ஒரு எண்ணைத் தருகிறது. "வராது" என்பது வர, த என்று உடைகிறது; "வரும்" என்பது வர, ம என்று உடைகிறது. வரும் என்ற சொல்லுக்கும் வராது என்ற சொல்லுக்கும் பாதி மதிப்பெண் ஒத்துப்போய்விடும். 2021இல் வங்கதேச ஆய்வாளர்கள் தமிழ் உள்பட 44 மொழிகளில் பிபிசி செய்திகளைக் கொண்டு எக்ஸ்எல்-சம் என்ற தொகுப்பை உருவாக்கியபோது, ரூஜ் நிரலையே பன்மொழிக்கு ஏற்ப மாற்றி வெளியிட வேண்டியிருந்தது இதனால்தான். தமிழில் ரூஜ் எண் கொண்ட அறிக்கை எது கைக்கு வந்தாலும் எந்தச் சொல் பிரிப்பான் பயன்பட்டது என்று முதலில் கேட்பது என் வழக்கம். பதில் வராவிட்டால் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறேன்.

பிரிப்பான் சரியாக இருந்தாலும் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டும் மொழியில், முழுச் சொல் ஒத்துப்போவது அரிது. ஆங்கிலத்தில் மூன்று தனிச் சொல்லாக நிற்பது தமிழில் ஒரே சொல்லாகிவிடும். அதில் ஒரு விகுதி மாறினால் மூன்றும் போயிற்று. தமிழ் ரூஜ் எண்ணை ஆங்கில எண்ணோடு பக்கத்தில் வைத்து, தமிழில் மாடல் பலவீனம் என்று முடிவுகட்டுவது இதனால் செல்லாது. மாடல் உண்மையிலேயே பலவீனமாக இருக்கலாம். அந்த எண்ணால் அதை நிறுவ முடியாது.

சொல்லை எண்ணுவதற்குப் பதில் சொல்லின் பொருளை ஒப்பிட்டால் என்ன என்று 2019இல் வந்தது பெர்ட்-ஸ்கோர். ஒவ்வொரு சொல்லையும் அதன் சூழலோடு ஓர் எண்வரிசையாக மாற்றி, நெருங்கிய இணையைத் தேடும் முறை. "இலவசமாக" என்பதற்கும் "காசு கொடுக்காமல்" என்பதற்கும் இப்போது கொஞ்சம் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் கிழக்கும் மேற்கும் ஒரே மாதிரி இடங்களில் வரும் சொற்கள். அவற்றின் எண்வரிசைகளும் நெருங்கியே இருக்கும். ஆக இரண்டாவது சுருக்கத்துக்கு நடந்த அநீதி குறைகிறது, முதலாவதின் பொய் அப்படியே தப்பிக்கிறது. முன்மாதிரி மோசமாக இருந்தால் இதுவும் மோசமே. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

பயனுள்ள மாற்று வேறு திசையில், அதுவும் ரூஜ் வந்த அதே 2004இல், கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அனி நென்கோவாவும் ரெபெக்கா பாசன்னோவும் முன்வைத்த பிரமிடு முறையில் எண்ணப்படுவது செய்திக் கூறு; அது எந்தச் சொல்லில் வந்தாலும் சரி. முன்மாதிரிகளைச் சிறு சிறு செய்திகளாக மனிதர்கள் பிரிப்பார்கள். பலர் குறிப்பிட்ட செய்திக்கு அதிக எடை. பிறகு இயந்திரச் சுருக்கத்தில் அந்தச் செய்தி உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். உழைப்பு அதிகம் என்பதால் பல ஆண்டுகள் ஓரமாகக் கிடந்த இந்த எண்ணத்தை, 2023இல் யிக்சின் லியு குழுவினர் இன்னும் நுணுக்கி, பிரிக்க முடியாத அளவுக்குச் சிறிய அணுக் கூறுகளாக்கிப் பெரிய அளவில் செய்து காட்டினார்கள். "நல்ல சுருக்கமா, ஐந்துக்கு எத்தனை" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. "இந்தத் தகவல் இதில் இருக்கிறதா" என்று கேட்டால் பதில்கள் நெருங்கி வருகின்றன.

நம் அறிவிப்புக்கே இதைச் செய்து பார்ப்போம். முன்மாதிரியில் ஐந்து கூறுகள்: குழாய் உடைந்தது, பாதிக்கப்படுவது கிழக்குத் தெரு, தடை இரண்டு நாள், லாரியில் தண்ணீர் வரும், அது இலவசம். இரண்டாவது சுருக்கத்தில் ஐந்தும் இருக்கின்றன, செவ்வாயும் புதனும் என்பதிலேயே இரண்டு நாள் அடங்கிவிட்டது. ஐந்துக்கு ஐந்து. முதலாவதில் தெருவைத் தவிர நான்கும் இருக்கின்றன. ஐந்துக்கு நான்கு.

80 விழுக்காடு என்பது இந்தச் சுருக்கத்துக்கு இன்னும் அதிகமே. கூறு எண்ணிக்கை, வர வேண்டியது வந்ததா என்று மட்டும் பார்க்கிறது; வரக்கூடாதது வந்ததா என்று பார்ப்பதில்லை. ஆகவே எதிர்த்திசையிலும் ஒரு சோதனை வேண்டும். சுருக்கத்தைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் மூலத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் சுருக்கத்தின் "மேற்குத் தெருவுக்குக் குடிநீர் வராது" என்ற கூறு மூலத்துக்கு நேர் எதிர். சுருக்கம் அங்கேயே நிராகரிக்கப்படும். இரண்டாவதில் நாள், நேரம், காரணம், இலவசம் எல்லாவற்றுக்கும் மூலத்தில் வரி காட்டலாம். இந்த இரண்டு திசைகளையும் சராசரி எடுத்து ஒற்றை எண்ணாக்கினால் மறுபடியும் பழைய குழப்பத்துக்கே வந்துவிடுவோம். நோயாளியின் மருத்துவக் குறிப்பைச் சுருக்கும்போது ஒரு பொய் வந்தாலே அது கழிக்க வேண்டியது. கூட்டக் குறிப்பில் ஒரு விடுபடலைப் பொறுத்துக்கொள்ளலாம். எந்தத் திசைக்கு எவ்வளவு கண்டிப்பு என்பதைப் பயன்படுத்துபவர்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு எண்ணும் தனித்தனியாக இருந்தால்தான் அவரால் முடிவு செய்ய இயலும்.

இரண்டாம் திசைக்கு, அதாவது மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்பதற்கு, முன்மாதிரிச் சுருக்கமே தேவையில்லை. இது பெரிய விடுதலை. ஓர் அலுவலகத்தின் கோப்புகளுக்கு யாரும் முன்மாதிரி எழுதி வைத்திருக்க மாட்டார்கள். இந்த வேலையைத் தானாகச் செய்யும் முயற்சிகள் இரண்டு வழியில் போயின. ஒன்று, சுருக்கத்திலிருந்து கேள்விகளை உருவாக்கி, மூலத்தைப் படித்தும் சுருக்கத்தைப் படித்தும் ஒரே விடை வருகிறதா என்று பார்ப்பது. இன்னொன்று, "இந்தப் பத்தி உண்மையென்றால் இந்த வாக்கியமும் உண்மையா" என்று தீர்ப்பு சொல்லும் மாடல்களைப் பயன்படுத்துவது. இரண்டாவதுதான் நடைமுறையில் நிலைத்தது. ஆரம்பத்தில் அது சொதப்பியதற்குக் காரணம், அந்த மாடல்கள் ஒற்றை வாக்கிய இணைகளில் பயிற்சி பெற்றவை, நாமோ முழுக் கட்டுரையைத் திணித்தோம் என்பதுதான். பிலிப் லபான் குழுவினர் 2022இல் மூலத்தையும் சுருக்கத்தையும் வாக்கியம் வாக்கியமாக வெட்டி, ஒவ்வொரு சுருக்க வாக்கியத்துக்கும் மூலத்தில் மிக வலுவான ஆதாரத்தைத் தேட வைத்தபோது துல்லியம் நன்றாக உயர்ந்தது. 2024இல் வந்த மினிசெக், 77 கோடி அளபுருக்கள் மட்டும் கொண்ட சிறிய மாடல்; மூலத்தோடு சரிபார்க்கும் இந்த ஒரு வேலையில் ஜிபிடி-4 அளவுக்கு வந்தது, செலவோ அதில் நானூறில் ஒரு பங்கு என்று அதை உருவாக்கியவர்கள் கணக்குக் காட்டினார்கள்.

இங்கே தப்பும் பிழைகளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரே மூல வாக்கியத்தில் ஆதாரம் இருந்தால் மாடல் நன்றாகப் பிடிக்கும். மூன்று பத்திகளில் சிதறிய தகவலைக் கூட்டி எழுதிய சரியான வாக்கியத்தைப் பொய் என்று சொல்லிவிடும். "அவர்", "அந்த நிறுவனம்" என்று சுட்டுப்பெயரோடு கூறு வெட்டப்பட்டால் யாரைச் சொல்கிறது என்று தெரியாமல் தவறாக ஒப்புக்கொள்ளும். அதனால் கூறு பிரிக்கும்போதே சுட்டுப்பெயரை எடுத்துவிட்டுப் பெயரைப் போடுவது அவசியம். பலர் விடும் படி இது.

பெரிய மொழி மாடலையே நடுவராக்கும் முறை இப்போது எங்கும் பரவியிருக்கிறது. 2023இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களின் ஜி-இவால், ஜிபிடி-4 மாடலிடம் கோர்வை, உண்மை, நடை, பொருத்தம் என்ற நான்கையும் தனித்தனியே மதிப்பிடச் சொன்னது. மனித மதிப்பீட்டோடு அதன் தரவரிசை ஒத்திசைவு சராசரியாக 0.51. அதே தரவில் ரூஜ் 0.2 அளவில் நின்றது. ஏற்றம் பெரியதுதான், ஆனால் 0.51 என்பது இன்னும் பாதித் தூரம்தான். அந்தத் தரவிலுள்ள சுருக்கங்களும் சாட்பாட் காலத்துக்கு முந்தைய மென்பொருள்கள் எழுதியவை. அவற்றின் பிழைகள் கண்ணுக்குத் தெரிந்தன. இன்றைய சுருக்கங்களில் நடை எப்போதும் சுத்தம், பிழை உள்ளே ஒளிந்திருக்கிறது. மொழி மாடல் நடுவர்களின் சாய்வுகளும் தெரிந்தவைதாம்: முதலில் காட்டப்பட்டதை விரும்புவது, நீளமானதை விரும்புவது, தன் போன்ற நடையில் எழுதியதை விரும்புவது. முதலாவதற்கு மருந்து எளிது. இரண்டு சுருக்கங்களையும் இடம் மாற்றி மறுபடி கேட்க வேண்டும், தீர்ப்பு மாறினால் அந்த இணை சமநிலை. நீளத்துக்கு, இத்தனை சொல்லுக்குள் என்று இருவருக்கும் ஒரே வரம்பு. மூன்றாவதற்கு, போட்டியிடும் மாடலின் குடும்பத்திலிருந்து நடுவரை எடுக்காமல் இருப்பது. இவற்றைவிட முக்கியம் கேள்வியின் வடிவம். "எத்தனை மதிப்பெண்" என்று கேட்டால் நடுவர் மாடல் எல்லாவற்றுக்கும் நான்கு போடும். "இந்தக் கூறுக்கு மூலத்தில் ஆதார வரி எது, எடுத்துக் காட்டு, இல்லையென்றால் இல்லை என்று சொல்" என்று கேட்டால் அது காட்டும் வரியை நாமே சரிபார்க்கலாம்.

மனித மதிப்பீடு இருந்தால் போதும் என்று சொல்பவர்களுக்கும் எச்சரிக்கை உண்டு. 2021இல் வெளியான சம்-இவால் ஆய்வில், இணையத்தில் கூலிக்கு அமர்த்திய மதிப்பீட்டாளர்களின் மதிப்பெண்கள் வல்லுநர்களின் மதிப்பெண்களோடு ஒத்துப்போகவில்லை. மூலத்தைக் கொடுக்காமல் எந்தச் சுருக்கம் பிடித்திருக்கிறது என்று கேட்டாலும், மூலத்தோடு கேட்டாலும் பதில் பெரிதாக மாறுவதில்லை என்பதை யிக்சின் லியு குழு கண்டது. அதாவது பலர் மூலத்தைப் படிக்காமலே தீர்ப்பு சொல்கிறார்கள், அல்லது படித்தும் நடைக்கே மயங்குகிறார்கள். மனிதரிடமும் கூறு கூறாகக் கேட்பதே மேல்.

இதையெல்லாம் வைத்து ஒரு சிறு குழு என்ன செய்யலாம்? தன் உண்மையான ஆவணங்களில் ஐம்பது எடுத்து, ஒவ்வொன்றிலும் சுருக்கத்தில் கட்டாயம் வர வேண்டிய ஐந்தாறு கூறுகளை அந்த வேலை தெரிந்தவர் எழுதிவைக்கலாம். முழுச் சுருக்கம் எழுதுவதைவிட இது விரைவு, சண்டையும் குறைவு. சாட்பாட் சுருக்கம் வந்ததும் அந்தக் கூறுகள் உண்டா என்பது ஒரு கணக்கு. சுருக்கத்தின் ஒவ்வொரு கூறுக்கும் மூல ஆதாரம் உண்டா என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் சிறிய சரிபார்ப்பு மாடலோ நடுவர் மாடலோ செய்யட்டும். ஐந்தில் ஒரு பங்கை மனிதர் மறுபடி பார்த்து, மாடலும் மனிதரும் எங்கே வேறுபட்டார்கள் என்று குறித்துக்கொள்ளட்டும். ரூஜை முழுக்கத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அதே மாடல், அதே ஏவல் இருக்க, நேற்றைய சுருக்கத்துக்கும் இன்றைய சுருக்கத்துக்கும் ரூஜ் திடீரென்று விழுந்தால் ஏதோ அமைப்பு மாறிவிட்டது என்று தெரியும். மூலத்துக்கும் சுருக்கத்துக்கும் இடையே எண்ணினால், மாடல் சுருக்குகிறதா அப்படியே வெட்டி ஒட்டுகிறதா என்பதும் தெரியும்.

தமிழுக்கு இன்னொரு படி கூடுதலாகத் தேவை. ஆதாரம் சரிபார்க்கும் பன்மொழி மாடல்கள் பல சார்ந்திருக்கும் எக்ஸ்-என்எல்ஐ என்ற 15 மொழித் தரவில் இந்தி, உருது உண்டு, தமிழ் இல்லை. பிறகு வந்த இண்டிக்-எக்ஸ்என்எல்ஐ தொகுப்பில் தமிழ் இருக்கிறது. அது ஆங்கிலத்திலிருந்து இயந்திரம் மொழிபெயர்த்தது. ஆகவே சரிபார்ப்பவரையே முதலில் சரிபார்க்க வேண்டும். சரியென்று தெரிந்த சுருக்கங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிழையைப் புகுத்துங்கள். கிழக்கை மேற்காக்குங்கள். செவ்வாயைத் திங்களாக்குங்கள். "வராது" என்பதை "வரும்" ஆக்குங்கள். "கண்ணன் முருகனிடம் வாங்கினார்" என்பதைக் "கண்ணனிடம் முருகன் வாங்கினார்" என்று உருபை மட்டும் இடம் மாற்றுங்கள். கெடுத்ததையும் கெடுக்காததையும் கலந்து கொடுத்து, எந்த வகைப் பிழை எத்தனைக்கு எத்தனை பிடிபட்டது, கெடுக்காதவற்றில் எத்தனை வீணாகப் பழி ஏற்றன என்று வகைவாரியாக எழுதிவையுங்கள். எண்ணும் நாளும் பிடிபட்டு உருபு மாற்றம் தப்புகிறது என்றால், யார் யாருக்குக் கொடுத்தார், யார் யார் மீது புகார் செய்தார் என்பது முக்கியமான ஆவணங்களை அந்த மாடலிடம் விடாமல் ஒரு மனிதரிடம் கொடுத்துவிடலாம். தண்ணீர் அறிவிப்புகளை மாடலே பார்த்துக்கொள்ளும்.